பால்கனியில் துணி காயப்போட சீலிங் ஹேங்கரா, சுவர் மடக்கு ஸ்டாண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, சீலிங்ல தொங்கற ஹேங்கர் வாங்கறதா, செவுத்துல மடக்கற ஸ்டாண்டு வாங்கறதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

மூன்று நான்கு பேர் இருக்கும் வீடு, தினமும் துவைப்பு, பால்கனிக்கு மேலே வெறும் காங்கிரீட் தளம் என்றால் சீலிங் ஹேங்கர். ஒருவர் இருவர் மட்டும் இருக்கிறீர்கள், அல்லது மேலே ஃபால்ஸ் சீலிங் அடித்திருக்கிறார்கள், அல்லது கையைத் தூக்கிக் கயிறு இழுக்க முடியாதவர்தான் துணி காயப்போடுகிறார் என்றால் மடக்கு ஸ்டாண்ட்.

சீலிங் ஹேங்கர் என்பது தளத்தில் இரண்டு பிராக்கெட், சுவரில் கயிறு கட்டும் கொக்கிப் பட்டை ஒன்று, நடுவில் பெரும்பாலும் ஆறு பைப். ஒவ்வொரு பைப்பையும் தனியாக இறக்கலாம், ஏற்றலாம். மடக்கு ஸ்டாண்ட் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வேண்டும்போது முன்னால் இழுத்தோ கீழே சாய்த்தோ விரித்துக்கொள்ளலாம். கடையில் பைப்பையும் பளபளப்பையும் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். ஆனால் கழன்று விழுவது பைப் அல்ல, ஸ்க்ரூ. அதனால் ஓட்டை போடப்போகும் இடம் எதனால் ஆனது என்று தெரிந்த பிறகே எதையும் வாங்க வேண்டும்.

எங்கூட்டு பால்கனி நாலுக்கு எட்டுங்க. அதுக்கு எந்த அளவு சரியா வரும்?

நான்கடி அகலம், எட்டடி நீளம், தளம் ஒன்பதரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சீலிங் ஹேங்கர் என்றால் ஆறடி பைப் போதும். எட்டடி இடம் இருக்கிறதே என்று ஏழடி பைப் வாங்கினால், இரண்டு ஓரத்திலும் அரை அடிதான் மிஞ்சும். பைப் ஆடும்போது சுவரில் இடிக்கும், ஓரத்துத் துணி சுவரில் உரசி அழுக்காகும். ஆறடிக்கு ஆறு பைப் என்றால் மொத்தம் 36 அடி கொடி. நான்கு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் துணிக்கு இது தாராளம்.

ஆறு பைப் பிராக்கெட் ஏறக்குறைய இரண்டடி அகலம் பிடிக்கும். அதைப் பால்கனியின் நான்கடி அகலத்தில் நட்டநடுவில் வைக்காமல், கிரில் பக்கமாக அரை அடி விட்டுப் பொருத்துங்கள். அப்போது வாசல் பக்கம் ஒன்றரை அடி நடைவழி கிடைக்கும், துணியும் காற்றுக்கு அருகில் இருக்கும். பால்கனிக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு அளவெடுங்கள். இறக்கிய பைப்பில் கதவு மோதுவது பொருத்திய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இதே பால்கனியில் மடக்கு ஸ்டாண்ட் என்றால், இரண்டரை அடி நீளமுள்ள ஏழு கம்பி கொண்டது மொத்தம் பதினேழரை அடி கொடி தரும். அதாவது சீலிங் ஹேங்கரில் பாதிக்கும் குறைவு. விரித்திருக்கும் நேரமெல்லாம் நான்கடி அகலத்தில் இரண்டடியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஒரு நாளுத் துணி அப்படி என்ன கனம் இருக்கப்போகுதுங்க?

காய்ந்த துணி நான்கு கிலோ என்று எடுத்துக்கொள்வோம். மெஷினில் நன்றாகச் சுற்றிப் பிழிந்து எடுத்தால் அது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கையால் பிழிந்தால் ஒன்பது, பத்து கிலோ. பிழியாமல் சொட்டச் சொட்டப் போட்டால் அதற்கும் மேல்.

பைப்புக்கும் எடை உண்டு. மெல்லிய எவர்சில்வர் பைப் ஆறடிக்கு அரைக் கிலோ பக்கம் வரும். ஆறு பைப்புக்கு மூன்று கிலோ. ஆக மெஷினில் பிழிந்த துணியோடு சேர்த்துத் தளத்தில் தொங்குவது பத்துக் கிலோ. கீழே வரும் கணக்குகளில் இந்தப் பத்துக் கிலோவையே வைத்துக்கொள்கிறோம்.

கப்பி வெச்சு இழுத்தா கனம் பாதியாயிருமுங்களா? அம்மாவுக்கு வயசு எழுபதாச்சு.

ஆகாது. இந்த ஹேங்கரில் உள்ள சக்கரங்கள் எல்லாம் தளத்தோடு நிலையாக இருப்பவை. அவை இழுக்கும் திசையை மட்டும்தான் மாற்றும்: பைப் மேலே போக நீங்கள் கீழே இழுக்கிறீர்கள். கிணற்றில் ஒற்றைக் கப்பியில் நீர் சேந்துவதும் இப்படித்தான். குடத்தின் கனம் முழுவதும் கையில்தான் வரும். ஈரப் பெட்ஷீட் மூன்று கிலோ என்றால், பைப்போடு மூன்றரைக் கிலோவை இழுக்க வேண்டும். சக்கரத்தில் தூசி ஏறியிருந்தால் உராய்வும் சேர்ந்து இன்னும் கனக்கும்.

வயதானவர்கள் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு பைப்பில் இரண்டு கிலோவுக்கு மேல் போடாமல் துணியைப் பிரித்துப் போட வேண்டும். தோள்வலி உள்ளவருக்கு மடக்கு ஸ்டாண்டே நல்லது. அதைத் தோள் உயரத்துக்கு மேல் போகாமல் பொருத்துங்கள்.

சீலிங் ஹேங்கர் கழண்டு விழுந்துச்சுன்னா ஏனுங்க எப்பவும் கயிறு கட்டற பக்கத்து பிராக்கெட்டே விழுகுது?

இதைப் பொருத்த வருகிறவர்களிலேயே பலர் கவனிப்பதில்லை. ஒரு பைப்பை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. பத்துக் கிலோ தொங்கினால் ஒவ்வொரு பக்கக் கயிறுகளிலும் ஐந்து கிலோ இழுப்பு. தூரத்துப் பிராக்கெட்டில் கயிறு கீழிருந்து மேலே வந்து, சக்கரத்தில் திரும்பி, தளத்தை ஒட்டிப் படுத்தவாறு மறுபக்கம் போகிறது. ஆகவே அந்தப் பிராக்கெட்டைக் கீழே இழுப்பது ஐந்து கிலோ மட்டும்.

கொக்கிப் பக்கப் பிராக்கெட்டின் நிலைமை வேறு. அங்கே பைப்பைத் தாங்கும் கயிற்றின் ஐந்து கிலோ இருக்கிறது. அதே கயிறு சக்கரத்தைச் சுற்றிக் கொக்கிக்கு இறங்குகிறது, அது இன்னொரு ஐந்து. தூரத்திலிருந்து வரும் கயிறும் இங்கேதான் கொக்கிக்கு இறங்குகிறது, அது மூன்றாவது ஐந்து. ஆகப் பதினைந்து கிலோ. தொங்கும் கனம் பத்தாக இருக்கத் தளம் தாங்குவது மொத்தம் இருபது. அதில் முக்கால் பங்கு ஒரே பிராக்கெட்டில் விழுகிறது. கயிற்றை வெடுக்கென்று இழுக்கும் நொடியில் அது இன்னும் ஏறும்.

அதனால் தளத்தில் நல்ல இடம் ஒரு பக்கம்தான் கிடைக்கிறது என்றால், அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டும் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிராக்கெட்டுக்கு மட்டும் நைலான் பிளக்கை விட்டுவிட்டு இரும்பு ஆங்கர் போல்ட் போடுவது வீண் செலவல்ல.

மடக்கு ஸ்டாண்டுல எட்டுக் கிலோதானுங்க போடறோம். அதுக்கே பிளக்கு வெளிய வருதே?

தளத்தில் கனம் நேராகக் கீழே இழுக்கிறது. சுவரில் அது நெம்புகிறது. ஸ்டாண்ட் சுவரிலிருந்து 60 செ.மீ. நீண்டு, துணி சீராகப் பரவியிருந்தால், கனத்தின் நடு 30 செ.மீ. தூரத்தில் இருக்கும். பிராக்கெட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால், எட்டுக் கிலோவை முப்பதால் பெருக்கிப் பத்தால் வகுக்க வேண்டும். 24 கிலோ. மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் இழுப்பு இது. இரண்டு பிராக்கெட்டுக்கும் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு.

இது நல்ல சுவருக்குப் பெரிய கனம் அல்ல. சிக்கல் முன்கம்பியில் இருக்கிறது. யாராவது எட்டி எதையோ எடுக்கும்போது முன்கம்பியில் கை ஊன்றி இருபது கிலோ அழுத்தம் கொடுத்தால், 20 பெருக்கல் 60, வகுத்தல் 10: 120 கிலோ பிடுங்கும். குழந்தை தொங்கினாலும் இதே கதைதான். பிளக் அன்றைக்கே வெளியே வராது. உள்ளே கொஞ்சம் நகரும். பிறகு ஒவ்வொரு நாளும் துணிக் கனத்தில் தளர்ந்துகொண்டே போகும்.

வாங்கும்போது கீழிருந்து சாய்வாக முட்டுக்கொடுக்கும் கை உள்ள மாடலைப் பாருங்கள். அதில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஊன்றுக்கும் 30 செ.மீ. இடைவெளி கிடைத்தால், மேலே சொன்ன 24 கிலோ எட்டாகக் குறைந்துவிடும். கம்பி எத்தனை என்பதைவிட இந்த இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் கடையில் அளந்து பார்க்க வேண்டும்.

எங்க அப்பார்ட்மென்ட் செவுரு செங்கல்லா, பிளாக்கான்னு எப்படீங்க கண்டுபிடிக்கறது?

ஸ்டாண்ட் மறைக்கப்போகும் இடத்திலேயே 6 மி.மீ. பிட்டில் ஒரு சோதனை ஓட்டை போடுங்கள். முதல் பதினைந்து மி.மீ. வரை சிமென்ட் பூச்சின் தூள் வரும். அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள். சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாதாரண 8 மி.மீ. நைலான் பிளக் போதும். சாம்பல் நிறத்தில் நைசான தூள், பிட் சீராக இறங்குகிறது என்றால் ஃபிளை ஆஷ் கல். அதற்கும் அதே பிளக்தான்.

வெள்ளையாக மாவு போலக் கொட்டி, ஹேமர் இல்லாமலே பிட் வெண்ணெய்யில் இறங்குவதுபோல் இறங்கினால் அது காற்றுக் குமிழி நிறைந்த, இலேசான ஏ.ஏ.சி. பிளாக். கோவை, திருப்பூர் பக்கம் புதிய அடுக்குமாடிகளில் இதை நிறையப் பார்க்கலாம். இதில் சாதாரணப் பிளக் விரியும்போது சுற்றியுள்ள கல்லை நொறுக்கிவிடும். அதற்கென்றே விற்கும், ஆழமான இறக்கை உள்ள ஏ.ஏ.சி. பிளக் வாங்கி, ஹேமரை அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும்.

கொஞ்ச தூரம் கடினமாகப் போய், திடீரென்று பிட் உள்ளே பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். பிளக்கின் நுனி காற்றில் நிற்கும், பிடிப்பே இருக்காது. அந்தச் சுவருக்கு, உள்ளே போய் விரிந்துகொள்ளும் டாகிள் போல்ட், அல்லது சல்லடைக் குழாய் செருகி கெமிக்கல் ஆங்கர். இரண்டுமே செய்ய முடியாவிட்டால் மடக்கு ஸ்டாண்டை விட்டுவிட்டுத் தளத்துக்குப் போய்விடலாம். பக்கவாட்டில் காங்கிரீட் தூண் ஒன்று கிடைத்தாலும் சரி, அதில் அடித்தால் இந்தக் கவலையே இல்லை.

தளத்துல ஓட்டை போட்டா கம்பி, கரண்டு பைப்பெல்லாம் அடிபடாதுங்களா?

ஆழம் தாண்டாமல் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. வெளியே நீண்டிருக்கும் பால்கனித் தளத்தில் முக்கியக் கம்பிகள் தளத்தின் மேல்பக்கம் இருக்கும், ஏனென்றால் அங்கேதான் இழுவிசை வருகிறது. கீழ்ப்பக்கம் கம்பி இருந்தாலும் அதற்கு இரண்டு செ.மீ. அளவுக்குக் காங்கிரீட் மறைப்பு உண்டு. கரண்டு பைப் பொதுவாகக் கீழ்க்கம்பிக்கு மேலாகப் போடப்படும். விளக்குப் பெட்டிக்கு இறங்கும் இடத்தில் மட்டும் கீழே வரும். ஆகவே பால்கனி விளக்கிலிருந்து ஓரடி தள்ளியே ஓட்டை போடுங்கள். பால்கனி லைனின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, வேறு லைனிலிருந்து மெஷினுக்கு மின்சாரம் எடுங்கள்.

8 மி.மீ. பிட்டின் நுனியிலிருந்து 45 மி.மீ. அளந்து, அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் தளத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். தளப் பூச்சு ஏறக்குறைய ஒரு செ.மீ. போனாலும், 40 மி.மீ. பிளக்கில் பெரும்பகுதி காங்கிரீட்டில் உட்காரும். அதற்கு 5 மி.மீ. தடிமன், 45 மி.மீ. நீள ஸ்க்ரூ. பெட்டியோடு வரும் சிறிய ஸ்க்ரூவைப் போட்டால் பிடிப்பு முழுவதும் பூச்சில்தான் இருக்கும். விழுந்த ஹேங்கர்களை எடுத்துப் பார்த்தால், பூச்சோடு பெயர்ந்து வந்த பிளக்குகளே அதிகம்.

ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கைச் செருகாதீர்கள். தூளில் அது வழுக்கும். பிட் பாதியில் நின்று, சத்தம் மாறி, தூளில் மினுமினுப்புத் தெரிந்தால் கம்பியைத் தொட்டிருக்கிறது. அழுத்தாமல் ஒன்றரை அங்குலம் தள்ளி வேறு ஓட்டை போடுங்கள். சில உயரமான புதுக் கட்டடங்களில் தளத்துக்குள் இழுத்துக் கட்டிய கேபிள்கள் இருக்கும், பி.டி. ஸ்லாப் என்பார்கள். அப்படியா என்று பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் மெஷினை எடுக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கோம். அதுலயே அடிச்சிரலாமுங்களா?

கூடவே கூடாது. ஜிப்சம் பலகையோ பி.வி.சி. பலகையோ தன் கனத்தைத் தாங்கத்தான் செய்திருக்கிறார்கள். அதைத் தாங்கும் மெல்லிய தகரச் சட்டத்தில் அடித்தாலும் மேலே சொன்ன பதினைந்து கிலோவுக்கு நிற்காது. பலகையில் துளை வெட்டி, மேலே உள்ள தளத்தில் ஆங்கர் போட்டு, திரெட் ராடு இறக்கி, அதில் பிராக்கெட்டை மாட்டலாம். ராடு நீளமானால் கயிற்றின் பக்கவாட்டு இழுப்பில் வளைந்து ஆடும். அரை அடிக்குமேல் இடைவெளி இருந்தால் மடக்கு ஸ்டாண்டே மேல்.

உச்சிக்கு ஏத்தி விட்டா துணி காயவே மாட்டீங்குது. வெயிலு நல்லாத்தான் அடிக்குது.

பால்கனியின் முன்பக்கம் தளத்திலிருந்து ஓரடி, ஒன்றரை அடி கீழே இறங்கியிருக்கும் பீமைப் பாருங்கள். பைப்பை உச்சிக்கு ஏற்றினால் துணியின் மேல்பாதி அந்தப் பீமுக்குப் பின்னால் போய்விடும். காற்று பீமுக்குக் கீழேதான் வந்து போகும். மேலே உள்ள ஈரக்காற்று அப்படியே நிற்கும். சட்டையின் கீழ்முனை காய்ந்து, தோளும் காலரும் ஈரமாக இருந்தால் காரணம் இதுதான்.

பைப்பை பீமின் அடிமட்டத்துக்குக் கீழே நிறுத்திக் காயவிடுங்கள். ஒவ்வொரு பைப்பும் தனித்தனியாக இறங்கும் என்பதே இந்த ஹேங்கரின் பெரிய வசதி. ஆனால் அதைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. ஒன்றை ஏற்றி, அடுத்ததை ஓரடி இறக்கி, மீண்டும் ஒன்றை ஏற்றி என்று மேலும் கீழுமாக வைத்தால், நான்கங்குல இடைவெளியில் நெருங்கி நிற்கும் துணிகளுக்கு நடுவே காற்று நுழையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதுதான் கைகொடுக்கும்.

மடக்கு ஸ்டாண்டில் சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும். கைப்பிடிச் சுவர் கட்டுச்சுவராக இருந்தால் அதன் நிழலுக்குள் துணி போய்விடும். கிரில் கம்பி என்றால் கவலை இல்லை. கட்டுச்சுவர் என்றால், விரித்த ஸ்டாண்ட் அந்தச் சுவரின் தலைமட்டத்துக்கு மேலே நிற்கும்படி பொருத்த வேண்டும்.

ஆனி ஆடிக் காத்துல என்னதானுங்க பண்றது? கயிறெல்லாம் சக்கரத்த விட்டு வெளிய வந்துருது.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து மேற்குப் பால்கனிகளில் நேராக அறையும். பெட்ஷீட்டை முழுதாக விரித்துப் போட்டால் அது பாயாக மாறிப் பைப்பை ஒரு பக்கமாகத் தூக்கும். கயிறு தளர்ந்த நொடியில் சக்கரத்தின் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். அதை அப்படியே இழுத்தால் அறுந்துவிடும்; பைப்பைக் கையால் தூக்கிப் பிடித்துக் கயிற்றைத் தளர்த்தி, மீண்டும் பள்ளத்தில் உட்காரவைக்க வேண்டும்.

பெட்ஷீட்டை இரண்டாக மடித்து அடுத்தடுத்த இரண்டு பைப்புகளின் மேல் பரப்பிப் போட்டால் காற்று பிடிக்கும் பரப்பு பாதியாகும், பைப்புகளும் தனித்தனியாக ஆடாது. வாங்கும்போதே சக்கரத்தைச் சுற்றி மூடிய கூடு உள்ள பிராக்கெட்டைப் பாருங்கள். மடக்கு ஸ்டாண்டுக்கு விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கொக்கி இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கீழிருந்து வரும் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடிக்கும், ஸ்க்ரூ அதிலேயே தளர்ந்துவிடும்.

கயிறு எத்தன நாளைக்கு வருமுங்க? மாத்தணும்னா எவ்வளவு வாங்கோணும்?

நாள் கணக்கு சொல்வதைவிட அடையாளம் சொல்வது நல்லது. பைப்பை ஏற்றிக் கட்டிய நிலையில் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு அங்குலம்தான் முதலில் தேயும், ஏனென்றால் எப்போதும் அதே இடம்தான் அங்கே நிற்கிறது. பைப்பை இறக்கி அந்த இடத்தைப் பாருங்கள். நூல் பிசிறு கிளம்பியிருந்தாலோ, வெயிலில் வெளுத்து மொரமொரப்பாக இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

முதலில் சொன்ன பால்கனிக்கே கணக்கிடலாம். பைப் நான்கடி உயரத்துக்கு இறங்க, தளத்திலிருந்து ஐந்தரை அடி வேண்டும். தளத்திலிருந்து சுவர்க் கொக்கிக்கு நான்கரை அடி, பிராக்கெட்டிலிருந்து சுவருக்கு ஓரடி, முடிச்சுக்கு ஓரடி. ஆகப் பக்கத்துக் கயிறு பன்னிரண்டு அடி. தூரத்துக் கயிற்றுக்கு ஆறடி கூடுதல், பதினெட்டு. ஒரு பைப்புக்கு 30 அடி, ஆறு பைப்புக்கு 180 அடி. பின்னல் போட்ட பாலியஸ்டர் கயிறாக வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும், அதனால் பைப் தானாகவே இறங்கும். பழைய கயிற்றின் முனையோடு புதியதை முட்டவைத்து நூலால் இறுக்கிச் சுற்றி இழுத்தால், ஏணி போட்டு ஏறாமலே சக்கரம் வழியாக வந்துவிடும்.

பைப் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹேங்கர் பழுது என்று பயப்பட வேண்டாம். இரண்டு கயிறும் சேரும் முடிச்சு நழுவியிருக்கும். பைப்பை ஸ்டூல்களின் மேல் மட்டமாக வைத்து, இரண்டு கயிற்றையும் விறைப்பாகப் பிடித்து மறுபடி முடிச்சுப் போடுங்கள்.

சின்னப் பசங்க இருக்கற ஊடு. எதாச்சும் ஆபத்து உண்டுங்களா?

உண்டு, இதை அலட்சியம் செய்யாதீர்கள். கொக்கியிலிருந்து தொங்கும் கயிற்று வளையம் குழந்தையின் கழுத்துக்கு எமன். கொக்கிப் பட்டையை ஐந்தடி உயரத்தில் பொருத்தி, மீதிக் கயிற்றை எப்போதும் கொக்கியிலேயே சுற்றி முடித்து வையுங்கள். ஒரு சாண் கூடத் தொங்கக் கூடாது. பட்டைக்குக் கீழே ஸ்டூல், வாளி எதையும் வைக்காதீர்கள். மடக்கு ஸ்டாண்ட் என்றால், மூடியதும் விழாதபடி பூட்டு வேண்டும்; கீல் இடுக்கில் விரல் மாட்டும்.

எவர்சில்வருன்னு சொல்லித்தான் குடுக்கறாங்க. காந்தம் வெச்சுப் பாத்தாப் போதுமுங்களா?

காந்தம் பாதிதான் சொல்லும். நன்றாக ஒட்டினால் அது இரும்பு அல்லது மட்ட ரகம் என்று தள்ளிவிடலாம். ஒட்டாததால் மட்டும் அது 304 என்ற நல்ல ரகம் ஆகிவிடாது; அதைவிட மலிவான 202 ரகமும் பெரும்பாலும் ஒட்டாது. கடல் காற்று இல்லாத நம் பக்கத்தில் 202 பைப்பும் பல காலம் உழைக்கும். துரு முதலில் வருவது பெயின்ட் பூசிய இரும்பு மடக்கு ஸ்டாண்டில்தான், அதுவும் வெல்டிங் போட்ட இடத்திலும் பைப்பை அறுத்த வாயிலும். அங்கே பிளாஸ்டிக் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்டால் துவைத்துப் போகாது.

ஜமுக்காளம், பனியன் துணியெல்லாம் இதுலயே போடலாமுங்களா?

பவானி ஜமுக்காளத்தை இரண்டிலுமே போட வேண்டாம். பெரிய ஜமுக்காளம் நனைந்தால் ஒரே பைப்பில் தாங்காது, நடுவில் வளைத்துவிடும். மொட்டை மாடிதான் அதற்கு இடம். சென்னிமலைப் பெட்ஷீட் போன்றவற்றை, காற்றுக்குச் சொன்னதுபோல் இரண்டு பைப்புகளில் பரப்பலாம். பனியன் துணிச் சட்டைகளைத் தோளில் ஹேங்கர் மாட்டித் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கீழே நீளும். மார்புப் பக்கம் பைப்பில் வரும்படி மடித்துப் போடுங்கள்.

வாடகை ஊடுங்க. ஓனரு ஓட்டையே போடக் கூடாதுங்கறாரு.

சீலிங் ஹேங்கருக்குத் தளத்தில் எட்டு ஓட்டையும் சுவரில் இரண்டும் ஆகும். மடக்கு ஸ்டாண்டுக்கு நான்கு. எண்ணிக்கையைச் சொல்லி, காலி செய்யும்போது அடைத்துத் தருகிறோம் என்று கேட்டால் மடக்கு ஸ்டாண்டுக்குச் சம்மதிப்பவர்கள் உண்டு. அடைக்கும்போது பிளக்கைப் பிடுங்க முயன்று பூச்சைப் பெயர்க்காதீர்கள். ஸ்க்ரூவைப் பாதி முடுக்கி இடுக்கியால் நேராக இழுத்தால் பிளக்கும் சேர்ந்து வரும். பிறகு ஒயிட் சிமென்ட் அடைத்து, காய்ந்ததும் பட்டி பார்க்கலாம். அப்போதும் மறுத்தால் தரையில் நிற்கும் ஸ்டாண்ட்தான்; ஒட்டும் டேப்பில் மாட்டும் ஸ்டாண்டுகளை ஈரத் துணிக்கு நம்ப வேண்டாம்.

ஓட்டை ஏற்கெனவே பெருசாயிருச்சு, பிளக்கு சும்மா சுத்துது. தீக்குச்சி வெச்சு இறுக்கினா நிக்குமுங்களா?

சுவரில் போட்டோ மாட்ட நிற்கும், துணிக்கு நிற்காது. தீக்குச்சி ஈரத்தில் ஊறி, காய்ந்து, சுருங்கும். அடுத்த மாதம் மறுபடி தளரும். தளத்தில் உள்ள காங்கிரீட் ஓட்டை என்றால் 10 மி.மீ. பிட்டால் சுத்தமாகப் பெரிதாக்கி, தூளை ஊதி, 10 மி.மீ. பிளக்கும் 6 மி.மீ. ஸ்க்ரூவும் போடுங்கள், பிராக்கெட்டின் துளைக்குள் அந்த ஸ்க்ரூ நுழைகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல் சுவரில் ஓட்டை நொறுங்கியிருந்தால் அதையே நோண்டாமல், ஸ்டாண்டை இரண்டு அங்குலம் மேலோ கீழோ நகர்த்திப் புதிய ஓட்டை போடுவது நல்லது. இரண்டு செங்கலுக்கு நடுவில் உள்ள சாந்துக்கோட்டில் பிட் இறங்கினால் தூள் சாம்பல் நிறத்திலேயே வரும், சிவப்பாக மாறாது. அப்படி வந்தால் இன்னும் ஓர் அங்குலம் நகர்த்துங்கள். பிளக் செங்கலுக்குள்தான் உட்கார வேண்டும்.